கூட்டுத் தொடரும் பெருக்குத் தொடரும்: ஒர்க்‌ஷீட் கணக்குகளில் n-ஐச் சரியாகப் பிடிப்பது எப்படி?

கடலூரில் மாலை ட்யூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர் ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்தால் முதல் பக்கம் மளமளவென்று முடிந்துவிடும். சூத்திரங்கள் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் ஆனவை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும்தான் “சார், இதுல n எது?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்தவரைக்கும் நல்லது. கேட்காமலே ஏதோ ஓர் எண்ணை n என்று போட்டு, மூன்று வரி சுத்தமாகச் செய்து, தப்பான விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் பாடத்தில் மதிப்பெண் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போகிறது. ஒன்று, n-ஐ எண்ணுவதில் ஒன்று கூடுவது அல்லது குறைவது. இன்னொன்று, இரண்டு விடை வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போவது. அதனால் எல்லா வகைக் கணக்குகளையும் வரிசையாகச் சொல்லாமல், இந்த இரண்டும் எங்கெங்கே வருமோ அந்தக் கணக்குகளை மட்டும் எடுத்து முழுவதுமாகச் செய்து பார்ப்போம்.

பேனா எடுத்ததும் எழுத வேண்டியது

கேள்வியைப் படித்ததும் சூத்திரத்தை எழுத வேண்டாம். முதலில் இது எந்த வகை என்று பாருங்கள். அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்தால் ஒரே எண் வருகிறதா? அது கூட்டுத் தொடர். வருவது பொது வித்தியாசம் d. வகுத்தால் ஒரே எண் வருகிறதா? அது பெருக்குத் தொடர். வருவது பொது விகிதம் r. எண்கள் கொடுக்காமல் கதையாகக் கொடுத்திருந்தால், “ஆண்டுதோறும் 500 ரூபாய் கூடுகிறது” என்பது கூட்டு, “ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடுகிறது” என்பது பெருக்கு. இரண்டு உறுப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2, 4 என்று தொடங்குவது 6-க்கும் போகலாம், 8-க்கும் போகலாம்.

அப்புறம் தாளின் ஓரத்தில் நான்கு விஷயம்: a எவ்வளவு, d அல்லது r எவ்வளவு, n எவ்வளவு, கேட்பது உறுப்பா கூடுதலா. தெரியாததற்கு நேரே கேள்விக்குறி போடுங்கள். “10-ஆவது உறுப்பு” என்றால் t₁₀. “முதல் 10 உறுப்புகளின் கூடுதல்” என்றால் S₁₀. படிக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும், அவசரத்தில் எழுதும்போது மாறிவிடும். நான்காவது வரி அதற்காகத்தான்.

கூட்டுத் தொடருக்கு வேண்டியவை இவ்வளவே:

tₙ = a + (n − 1)d

Sₙ = n/2 [2a + (n − 1)d]

கடைசி உறுப்பு l தெரிந்திருந்தால், Sₙ = n/2 (a + l)

முதல் சூத்திரத்தில் ஏன் n இல்லாமல் n − 1 வருகிறது என்பதை ஒரு முறை யோசித்துவிடுங்கள். முதல் உறுப்பில் d இன்னும் சேரவே இல்லை. இரண்டாவதில் ஒரு முறை சேர்ந்திருக்கிறது, மூன்றாவதில் இரண்டு முறை. ஆக எத்தனையாவது உறுப்போ, அதைவிட ஒன்று குறைவான தடவைதான் d சேர்ந்திருக்கும். கீழே வரும் பாதிக் கணக்குகள் இந்த ஒரு வரியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இரண்டு உறுப்புகள் கொடுத்தால்

ஒரு கூட்டுத் தொடரின் 6-ஆவது உறுப்பு 23, 14-ஆவது உறுப்பு 63. 20 உறுப்புகளின் கூடுதல் என்ன?

a + 5d = 23 என்றும் a + 13d = 63 என்றும் எழுதிக் கழித்தால் 8d = 40, d = 5. ஆறாவதிலிருந்து பதினான்காவதுக்கு எட்டு அடி வைக்கிறோம், அதில் 40 கூடுகிறது என்று நேரடியாகவும் சொல்லலாம். இனி a = 23 − 25 = −2. இங்கேதான் சிலர் பதறுவார்கள். முதல் உறுப்பு குறை எண்ணாக இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. −2, 3, 8, 13, 18, 23 என்று எழுதிப் பார்த்தால் ஆறாவது சரியாக 23.

S₂₀ = 20/2 [2(−2) + 19 × 5] = 10 (−4 + 95) = 910

n/2 என்பது அடைப்புக்குள் இருக்கும் மொத்தத்துக்கும் பெருக்கல். −4-ஐ மட்டும் 10-ஆல் பெருக்கிவிட்டு 95-ஐ அப்படியே கூட்டுவதைத் திருத்தும் தாள்களில் பார்க்கலாம். அடைப்புக்குள் முதலில் ஒரே எண்ணாக்கிவிட்டுப் பெருக்கினால் அந்த வம்பே இல்லை.

இதே தொடரில் ஒர்க்‌ஷீட் அடுத்து கேட்பது: 11-ஆவது உறுப்பு முதல் 20-ஆவது உறுப்பு வரை உள்ளவற்றின் கூடுதல். கை தானாக S₂₀ − S₁₁ என்று எழுதப் போகும். நிறுத்துங்கள். S₁₁-ஐக் கழித்தால் பதினோராவது உறுப்பும் சேர்ந்து போய்விடும். அது நமக்கு வேண்டிய உறுப்பு. கழிக்க வேண்டியது S₁₀.

S₁₀ = 5 (−4 + 45) = 205. ஆகவே விடை 910 − 205 = 705.

சரிபார்க்க, t₁₁ = 48, t₂₀ = 93. பத்து உறுப்புகள். 10/2 × (48 + 93) = 705. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

இன்னொரு சின்னக் கேள்வியும் இதில் வரும்: 150 இந்தத் தொடரில் ஓர் உறுப்பா? tₙ = 5n − 7. 5n − 7 = 150 என்றால் n = 157/5 = 31.4. n என்பது எத்தனையாவது என்பதைச் சொல்லும் எண், அது இயல் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். எனவே 150 இந்தத் தொடரில் இல்லை. 31.4-ஐ 31 ஆக்கி “31-ஆவது உறுப்பு” என்று எழுதினால் அது தவறு.

7-ஆல் வகுபடும் எண்கள்

200-க்கும் 500-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எண்களின் கூடுதலைக் காண்க. இந்தக் கணக்கு ஏதாவது ஒரு வடிவில் ஒர்க்‌ஷீட்டில் தலைகாட்டும்.

200-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4. இன்னும் 3 கூட்டினால் 203, அதுதான் முதல் உறுப்பு. 500-ஐ வகுத்தால் மீதி 3. அதைக் கழித்தால் 497, அது கடைசி. d = 7. இப்போது எத்தனை எண்கள்?

497 − 203 = 294. 294 ÷ 7 = 42. இதோடு நிறுத்தி n = 42 என்று எழுதுவதுதான் பிரபலமான தவறு. 42 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. பந்தல் போடும்போது ஒரு வரிசையில் 42 இடைவெளி வேண்டுமென்றால் 43 கால் நட வேண்டும் அல்லவா, அதே கதைதான். n = 43.

சூத்திரத்தின் வழியாகப் போனாலும் இதுவே வரும்: 203 + (n − 1)7 = 497, n − 1 = 42, n = 43. இந்த வழியில் n − 1 என்பது தாளில் கண்ணுக்குத் தெரிவதால் தவறு குறையும். நேர்வழியில் வகுப்பவர்கள் “கூட்டல் 1” என்று ஓரத்தில் எழுதிவிட்டு வகுக்கலாம்.

S₄₃ = 43/2 × (203 + 497) = 43 × 350 = 15,050

n = 42 என்று போட்டவருக்கு 14,700 வரும். பார்த்ததும் எது சரி என்று சொல்ல முடியாது, இரண்டுமே நியாயமாகத் தெரியும். அதற்கு ஒரு சோதனை உண்டு. முதல், கடைசி இரண்டின் சராசரி 350. அது 7-ஆல் வகுபடுகிறது, அதாவது அதுவே இந்தத் தொடரில் ஓர் உறுப்பு. நட்டநடுவில் ஓர் உறுப்பு இருந்தால் அதற்கு இரு பக்கமும் சம எண்ணிக்கை, ஆக மொத்தம் ஒற்றைப்படை. 42 இரட்டைப்படை, எனவே தப்பு.

கேள்வியில் “இடையே” என்று இருக்கிறதா, “முதல் … வரை” என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 200, 500 இரண்டுமே 7-ஆல் வகுபடாததால் இங்கே வேறுபாடு இல்லை. கேள்வி 210-க்கும் 490-க்கும் என்று இருந்தால் அந்த ஒரு சொல் விடையையே மாற்றிவிடும்.

சவுக்குக் கட்டை அடுக்கு: இரண்டு விடை வரும்போது

கடலூர் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு வெட்டிய கட்டைகளை அடுக்கி வைத்திருப்பதும் தெரிந்திருக்கும். அதிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே பருமனான 264 சவுக்குக் கட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. அடி வரிசையில் 24 கட்டைகள், அதன் மேல் 23, அதன் மேல் 22 என்று போகிறது. மொத்தம் எத்தனை வரிசை? உச்சி வரிசையில் எத்தனை கட்டை?

ஏன் ஒன்று ஒன்றாகக் குறைகிறது என்பது முதலில். மேலே வைக்கும் கட்டை, கீழே இருக்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்காரும். 24 கட்டைக்கு நடுவே 23 பள்ளம்தான் இருக்கிறது. ஆக a = 24, d = −1, Sₙ = 264, n தெரியாது.

n/2 [48 − (n − 1)] = 264

n (49 − n) = 528

n² − 49n + 528 = 0

அடைப்புக்குள் −(n − 1)-ஐப் பிரிக்கும்போது −n + 1 ஆகும், 48 + 1 = 49. இங்கே 47 என்று எழுதிவிட்டால் தன்மைகாட்டி முழு வர்க்கமாக வராது. அதுவே எங்கோ குறி தவறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். நமக்கு 2401 − 2112 = 289 = 17². எனவே n = (49 ± 17)/2, அதாவது 33 அல்லது 16.

இரண்டில் எது? பலர் “சிறியதை எடு” என்று ஒரு விதியை வைத்துக்கொண்டு 16 என்று எழுதுவார்கள். விடை சரிதான், ஆனால் காரணம் எழுதாவிட்டால் அந்தப் படிக்கான மதிப்பெண் போகும். காரணம் உறுப்பில் இருக்கிறது. t₁₆ = 24 − 15 = 9. t₃₃ = 24 − 32 = −8. ஒரு வரிசையில் மைனஸ் எட்டுக் கட்டை இருக்க முடியாது. ஆகவே 16 வரிசைகள், உச்சியில் 9 கட்டைகள்.

சரி, அப்படியானால் 33 எங்கிருந்து வந்தது? சமன்பாடு பொய் சொல்லவில்லை. 16-ஆவது உறுப்பு 9 என்றால் 17-ஆவது 8. அங்கிருந்து 8, 7, 6 என்று இறங்கி பூச்சியத்தைத் தொட்டு −1, −2 என்று போய் 33-ஆவது உறுப்பு −8. இந்தப் பதினேழு உறுப்புகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூடுதல் பூச்சியம் ஆகிறது. அதனால்தான் 16-இல் இருந்த 264 மாறாமல் 33-இலும் நிற்கிறது. இதை ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டால் இரண்டு விடை வந்தால் பயம் வராது.

கூடுதலைக் கொடுத்து n-ஐக் கேட்கும் வழக்கம் பழையது. கி.பி. 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே இதற்கு விதி இருக்கிறது: கூடுதலை 8d-ஆல் பெருக்கி, 2a-க்கும் d-க்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2a-ஐக் கழித்து, d-ஆல் வகுத்து, ஒன்று கூட்டி, பாதியாக்க வேண்டும். நம் கட்டைகளைப் போட்டுப் பாருங்கள்: −2112 + 2401 = 289, மூலம் 17, 17 − 48 = −31, அதை −1-ஆல் வகுத்தால் 31, ஒன்று கூட்டினால் 32, பாதி 16. நாம் செய்த இருபடிச் சமன்பாடுதான், வாய்ப்பாடாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் எல்லாக் கணக்கிலும் ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. 20 + 18 + 16 + … என்ற தொடரில் எத்தனை உறுப்புகளின் கூடுதல் 108 என்று கேட்டால், n(21 − n) = 108, n² − 21n + 108 = 0, n = 9 அல்லது 12. இங்கே கட்டையும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் எண்கள். 10, 11, 12-ஆவது உறுப்புகள் 2, 0, −2. அவற்றின் கூடுதல் பூச்சியம். எனவே இரண்டுமே விடை. இரண்டையும் எழுதி, இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பொருளை எண்ணும் கணக்கா, வெறும் எண் தொடரா என்பதுதான் தள்ளுவதா வைத்துக்கொள்வதா என்று சொல்லும்.

Sₙ-ஐக் கொடுத்துத் தொடரைக் கேட்டால்

Sₙ = 3n² + 2n எனில் n-ஆவது உறுப்பு என்ன? சிலர் n-க்கு 1, 2, 3 போட்டு 5, 16, 33 என்று எழுதி அதுதான் தொடர் என்பார்கள். அவை கூடுதல்கள், உறுப்புகள் அல்ல. முதல் இரண்டின் கூடுதல் 16, முதல் உறுப்பு 5, எனவே இரண்டாவது 11.

பொதுவாக tₙ = Sₙ − Sₙ₋₁. செய்து பார்த்தால் tₙ = 6n − 1, தொடர் 5, 11, 17, 23. n²-இன் கெழு 3-இன் இரு மடங்கு 6, அதுவே d. விடையைச் சரிபார்க்க இது போதும்.

இதில் ஒரு பொறி வைக்கலாம். Sₙ = 3n² + 2n + 1 என்று கேட்டால்? அதே வேலையைச் செய்தால் மறுபடியும் 6n − 1 வரும். ஆனால் S₁ = 6, அதாவது முதல் உறுப்பு 6; சூத்திரமோ 5 என்கிறது. தொடர் 6, 11, 17, 23. முதல் வித்தியாசம் 5, பிறகு 6, 6. இது கூட்டுத் தொடர் அல்ல. Sₙ − Sₙ₋₁ என்பது n இரண்டிலிருந்துதான் செல்லும். முதல் உறுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். Sₙ-இல் தனி எண் ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பெருக்குத் தொடரில் கழிக்காதீர்கள், வகுங்கள்

tₙ = arⁿ⁻¹

Sₙ = a(rⁿ − 1)/(r − 1), r ஒன்றாக இல்லாதபோது

உறுப்பில் அடுக்கு n − 1, கூடுதலில் அடுக்கு n. காரணம் முன்பு சொன்னதே: முதல் உறுப்பில் r இன்னும் பெருக்கப்படவில்லை. கூடுதலில் n வருவது ஏனென்றால், Sₙ-ஐ r-ஆல் பெருக்கி அதிலிருந்து Sₙ-ஐக் கழிக்கும்போது நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு, முன்னால் −a-யும் பின்னால் arⁿ-உம் மட்டும் மிஞ்சுகின்றன. r = 1 என்றால் பகுதி பூச்சியமாகிவிடும், அப்போது கூடுதல் வெறும் na.

3-ஆவது உறுப்பு 18, 5-ஆவது உறுப்பு 162 எனில் 8-ஆவது உறுப்பைக் காண்க.

கூட்டுத் தொடர்ப் பழக்கத்தில் ar⁴ − ar² = 144 என்று கழித்தால் அங்கேயே சிக்கிக்கொள்வோம். வகுக்க வேண்டும். ar⁴/ar² = r² = 9. ஆகவே r = 3 அல்லது r = −3. a = 18/9 = 2, இரண்டிலும் அதேதான்.

இங்கே ± போடாமல் விடுவதுதான் ஒர்க்‌ஷீட் தயாரித்தவர் எதிர்பார்க்கும் தவறு. 2, 6, 18, 54, 162 என்பதும் சரி. 2, −6, 18, −54, 162 என்பதும் சரி. கொடுத்த இரண்டு உறுப்புகளையும் இரண்டு தொடர்களுமே ஒத்துக்கொள்கின்றன. t₈ = 2 × 3⁷ = 4374, அல்லது 2 × (−3)⁷ = −4374. கேள்வியில் “எல்லா உறுப்புகளும் மிகை எண்கள்” என்று இருந்தால் மட்டும் r = −3-ஐத் தள்ளலாம்.

எப்போது இரண்டு r வரும், எப்போது ஒன்று? உறுப்புகளின் இடைவெளியைப் பாருங்கள். 3-க்கும் 5-க்கும் இடைவெளி 2, இரட்டைப்படை, r² வந்தது. 3-ஆவது உறுப்பு 12, 6-ஆவது உறுப்பு 96 என்றால் இடைவெளி 3; r³ = 8, r = 2 மட்டும்தான், ஏனென்றால் (−2)³ = −8.

r குறை எண்ணாக இருக்கும்போது கூடுதலில் அடைப்புக்குறி விட்டுப்போகும். r = −3-க்கு S₄ கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

S₄ = 2[(−3)⁴ − 1]/(−3 − 1) = 2 × 80/(−4) = −40

அடைப்பு இல்லாமல் −3⁴ என்று எழுதிக் கால்குலேட்டரில் தட்டினால் அது −81 தரும். பிறகு 2 × (−82)/(−4) = 41 என்று விடை வரும். கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை: உறுப்புகள் எல்லாமே இரட்டைப்படை, கூடுதல் எப்படி 41 ஆகும்? 2 − 6 + 18 − 54 = −40. நான்கைந்து உறுப்புகள் என்றால் நேரடியாகக் கூட்டிப் பார்ப்பது எந்தச் சூத்திரத்தையும்விட வேகமானது.

இரண்டு r வந்தும் ஒரே விடையாக முடியும் கணக்கும் உண்டு. பெருக்குத் தொடரில் உள்ள மூன்று எண்களின் பெருக்கற்பலன் 216, கூடுதல் 26. எண்களை a/r, a, ar என்று எடுத்தால் பெருக்கும்போது r போய்விடும்; a³ = 216, a = 6. கூடுதலில் போட்டால் 3r² − 10r + 3 = 0, r = 3 அல்லது 1/3. ஒன்று 2, 6, 18; இன்னொன்று 18, 6, 2. திசைதான் மாறுகிறது, எண்கள் மாறவில்லை. எண்களை மட்டும் கேட்டிருந்தால் ஒரு முறை எழுதினால் போதும்.

படகு எஞ்சின் கணக்கு

கடைசியாகக் கதைக் கணக்கு. ஒரு மீனவர் தன் ஃபைபர் படகுக்கு 80,000 ரூபாய்க்கு எஞ்சின் வாங்குகிறார். அதன் மதிப்பு ஒவ்வோர் ஆண்டும், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த மதிப்பில் 25 சதவீதம் குறைகிறது. 3 ஆண்டுகளுக்குப் பின் மதிப்பு என்ன?

முதல் பொறி r. குறைவது கால் பங்கு, எனவே r = 1/4 என்று எழுதிவிடுவார்கள். அடுத்த ஆண்டுக்கு மிஞ்சுவது முக்கால் பங்கு; r = 3/4. ஓர் ஆண்டில் 80,000 நேராக 20,000-க்கு இறங்கினால் அந்த எஞ்சினை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்தாலே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது பொறி மறுபடியும் n. “3 ஆண்டுகளுக்குப் பின்” என்றதும் t₃ என்று எழுதத் தோன்றும். எழுதிப் பாருங்கள்: வாங்கிய அன்று 80,000, இது t₁. ஓர் ஆண்டு முடிந்ததும் 60,000, இது t₂. இரண்டு ஆண்டு முடிந்ததும் 45,000, t₃. மூன்று ஆண்டு முடிந்ததும் 33,750, t₄. ஆக விடை t₄ = 80,000 × (3/4)³ = 33,750 ரூபாய். “மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில்” என்று கேட்டிருந்தால்தான் 45,000. இதில் குழப்பம் வந்தால் இப்படி முதல் மூன்று வரியை எழுதிவிட்டு எண்ணுங்கள். கம்பெனி சம்பள உயர்வு, மக்கள்தொகை, வங்கியில் கூட்டுவட்டி எல்லாமே இதே அச்சுதான்.

குறைந்த தொகைகளைத் தனியாக எடுத்தால் அதுவும் ஒரு பெருக்குத் தொடர்: 20,000, 15,000, 11,250. மூன்றின் கூடுதல் 46,250. 80,000-இல் இதைக் கழித்தால் அதே 33,750. உறுப்பில் போட்ட கணக்கைக் கூடுதலை வைத்துச் சரிபார்த்தாயிற்று.

இந்தக் குறைவு முடிவில்லாமல் தொடர்ந்தால் மொத்தம் எவ்வளவு குறையும் என்று ஒர்க்‌ஷீட்டின் கடைசிக் கேள்வி கேட்கலாம். r-இன் எண்மதிப்பு 1-ஐவிடக் குறைவாக இருக்கும்போது முடிவிலாத் தொடரின் கூடுதல் a/(1 − r).

20,000/(1 − 3/4) = 20,000 × 4 = 80,000

வாங்கிய விலைதான். எஞ்சின் தன் விலைக்கு மேல் மதிப்பை இழக்க முடியாது என்பதால் விடை பொருந்துகிறது. ஆனால் இந்தச் சூத்திரத்தை எடுக்கும் முன் r-ஐப் பார்க்காவிட்டால் வேடிக்கையாகிவிடும். 3 + 6 + 12 + … என்ற தொடரில் போட்டால் 3/(1 − 2) = −3 வரும். மிகை எண்களாகவே கூட்டிக்கொண்டு போகிறோம், கூடுதல் மைனஸ் மூன்றாம். அந்தத் தொடருக்கு முடிவான கூடுதல் கிடையாது என்று ஒரு வரி எழுதினால் அதுதான் முழு விடை.